அப்பாவிடம் சொல்லப் போகிறவளின் அறைத் தோழிகளுக்கு

அன்புத் தோழிகளே,

வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் கோவை பீளமேட்டிலும் மூன்று பேர், நான்கு பேர் என்று விடுதி அறையைப் பகிர்ந்துகொண்டு வேலைக்குப் போய்வரும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் ஒருத்தி இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, பையன் பெங்களூரில் இருக்கிறான், அடுத்த மாதம் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா என்கிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே ஒருவரைப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு அது தெரியும், அவள் வீட்டுக்குத் தெரியாது. "எங்கப்பா ஒத்துக்கவே மாட்டாருடி" என்று அவள் சொல்லும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

நானும் அப்படியோர் அறையில் பல வருடம் இருந்தவள். இப்போது வழக்கறிஞராக இருக்கிறேன். விரும்பியவர்களும் வருகிறார்கள், பெற்றவர்களும் வருகிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அந்தப் பெண் வீட்டில் வாயைத் திறப்பதற்கு முந்தைய சில வாரங்கள் மிகவும் முக்கியமானவை. அந்த வாரங்களில் அவள் பக்கத்தில் இருப்பவர்கள் வக்கீலும் இல்லை, காதலனும் இல்லை. நீங்கள்தான்.

"எல்லாம் சரியாயிடும்" என்கிறோம். "ஒரு குழந்தை பொறந்தா அப்பா தானா வந்துடுவாரு" என்கிறோம். அன்பில் சொல்வதுதான். ஆனால் அவள் தன் அப்பாவைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள், நீங்கள் அவரை விடுதி வாசலில் ஒருமுறை பார்த்திருந்தால் அதிகம். சரியாகிவிடும் என்று நீங்கள் சொன்னதும் அவளுக்கு ஆறுதல் வருவதில்லை. இவர்களுக்கு என் வீடு புரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. இரண்டு முறை அப்படித் தோன்றினால் மூன்றாம் முறை உங்களிடமும் சொல்ல மாட்டாள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள். "நீ சொன்னதுக்கப்புறம் என்ன நடக்கும்னு நெனைக்கிற?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சொன்ன அந்த நிமிடம் என்ன நடக்கும், அன்று ராத்திரி என்ன, அடுத்த வாரம் என்ன என்று அவளே ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்.

அவள் சொல்வதில் இரண்டு வகைப் பயம் இருக்கும். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்திருப்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. முதல் வகை: அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவாள், "உன்னைப் படிக்க வெச்சது தப்பு" என்பார்கள், தங்கைக்கு வரன் வராது என்று அத்தனை உறவும் போன் செய்யும். இரண்டாம் வகை: போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், திரும்ப வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், பத்து நாளில் வேறு ஒருவனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள், அடிப்பார்கள், அந்தப் பையனைத் தேடி ஆள் போகும். முதல் வகைக்குப் பொறுமை போதும், இரண்டாம் வகைக்குப் போதாது. எந்த வகை என்று தெரியாமல் "தைரியமாப் போய்ச் சொல்லு" என்று யாரும் அவளை பஸ் ஏற்றிவிடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாராவது விரும்பிக் கல்யாணம் செய்திருக்கிறார்களா, அவர்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பத்து வருடம் பேசாமல் இருந்தார்கள் என்பது ஒரு பதில். "அந்த அக்காவை அதுக்கப்புறம் நாங்க யாரும் பார்க்கலை" என்பது முற்றிலும் வேறு பதில். அப்பா கோபத்தில் கை நீட்டுகிறவரா? வீட்டு முடிவு அவர் கையில் இருக்கிறதா, அல்லது பெரியப்பா, தாய்மாமன், ஊரில் சாதிச் சங்கம் வைத்திருப்பவர்கள் கையிலா? நல்ல மனிதரான அப்பாவைக்கூட வெளியே இருக்கும் நாலு பேர் மிரட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கடைசியாக, அந்தப் பையன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரா? கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே ஆகவேண்டும். நம் மாநிலத்தில் ரத்தம் சிந்திய வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த வேறுபாடுதான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் தெருவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த அவர் மனைவி கௌசல்யா வெட்டுக் காயங்களோடு பிழைத்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சில மாதம் அமைதியாகக் கழிந்துவிட்டால் ஆபத்தும் கழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக அந்த எட்டு மாதத்தைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாம் வகைப் பயம் என்று தெரிந்தால், அவள் நேரில் போய்ச் சொல்லவே வேண்டாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு போனிலோ கடிதத்திலோ சொல்லலாம். அதற்கு முன், சாதாரணமாக ஊருக்குப் போய்வரும் ஒரு சமயத்தில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசல்கள் அவள் கைக்கு வந்துவிட வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்துவிட்டது என்பதற்கான சான்று அவற்றில்தான் இருக்கிறது. அவை வீட்டுப் பீரோவில் இருக்கும்வரை அவள் எந்த அலுவலகத்திலும் தடுமாறுவாள். சம்பளம் வரும் வங்கிக் கணக்கின் ஏடிஎம் கார்டும், அதோடு இணைந்த செல்போன் எண்ணும் அவளிடமே இருக்கவேண்டும்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே கிளம்பி வா" என்று அழைப்பு வந்தால், புறப்படுவதற்கு முன் அந்த ஊரில் இருக்கும் வேறு யாராவது ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். அப்படியும் போகவேண்டி வந்தால், எத்தனை மணிக்குப் பேசுவாள், பேசாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். போன் அணைந்து கிடந்தால் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181 என்பது முதல் படி. அவளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம். ரத்த உறவுதான் போடவேண்டும் என்று இல்லை, அவள்மேல் அக்கறை உள்ள தோழியும் போடலாம். காவல்துறை அவளை நீதிபதி முன் நிறுத்தும். வயது வந்தவள் என்றால் அவள் எங்கே போக விரும்புகிறாள் என்று நீதிபதி அவளையே கேட்பார். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இதுதான்: வயது வந்த இருவர் ஒப்புக்கொண்டால் குடும்பத்தின் ஒப்புதலோ ஊரின் ஒப்புதலோ தேவையில்லை. மிரட்டல் உள்ள தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் இருபத்து நான்கு மணி நேர உதவி எண்ணும் இருக்கவேண்டும் என்றும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளருக்குப் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்கும்போது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் விடுதி அறைகளில் நான் அதிகம் பார்த்தது முதல் வகைப் பயம்தான். அதற்கு வழக்கும் வேண்டாம், காவலும் வேண்டாம். அது வேறு விதமாகக் கடினமானது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், என் தோழி ஒருத்தியின் கதையை வைத்து. அவள் அனுமதியோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவள் கரூர்க்காரி. அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. கொங்கு நாட்டின் பெரிய சாதிகளில் ஒன்று அவர்களுடையது. அவளுக்குக் கீழே ஒரு தங்கை. பையன் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிஎஸ்ஐ கிறிஸ்தவர், சென்னையில் அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்திலேயே வேலை. அவளிடம் நான் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டோம். சித்தப்பா மகள் ஒருத்தி வேறு சாதியில் கட்டிக்கொண்டு போயிருந்தாள். யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை, ஆனால் இப்போது குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அவள் கணவனோடு வருகிறாள். அப்பா சத்தம் போடுவார், கை நீட்டியதில்லை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், பங்காளிகள் யாரும் உள்ளே வந்து முடிவு சொல்வதில்லை. முதல் வகை என்று எங்களுக்குத் தெரிந்தது. அது தெரிந்த அன்றே அவள் கொஞ்சம் தூங்கினாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்பதைப் பொதுவாக யாரோ சொன்னால் நம்ப மாட்டாள். தன் வீட்டைப் பற்றித் தானே சொன்ன விவரங்களிலிருந்து வந்ததால் நம்பினாள்.

அடுத்து, யாரிடம் முதலில் சொல்வது என்ற கேள்வி. அவள் அம்மாவிடம் சொல்லிவிட நினைத்தாள், எல்லாப் பெண்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். அம்மாவிடம் மட்டும் சொன்னால் அந்த அம்மா என்ன செய்வாள்? மறைத்தால் பின்னால் "உனக்கும் தெரியுமா, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீங்களா" என்ற பேச்சை வாங்குவாள். சொன்னால் "நீ வளர்த்த லட்சணம்" என்ற பேச்சை வாங்குவாள். எப்படியும் அடி அம்மா மேல் விழும், அதைத் தாங்க முடியாமல் அவளே மகளுக்கு எதிராகத் திரும்பிவிடுவாள். அத்தையிடம் சொல்லி அத்தை மூலமாக என்றும் ஒரு யோசனை வந்தது. அப்பாவுக்கு அக்கா மேல் மரியாதை அதிகம்தான். ஆனால் எனக்குத் தெரிந்து அப்பாக்கள் திரும்பத் திரும்பச் சொல்லி அழும் குறை, மகள் வேறு மதத்தில் விரும்பிவிட்டாள் என்பதைவிட, "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறகு கடைசியா எனக்குச் சொன்னா" என்பதுதான். அதனால் அப்பாவுக்கு முதலில், அம்மா பக்கத்தில் இருக்க, நேரில். அத்தைக்கு மறுநாள். அத்தையின் வேலை செய்தி சொல்வது இல்லை, செய்திக்குப் பிறகு அந்த வீட்டில் போய் உட்காருவது.

நாள் பார்த்தோம். பட்டறைக்கு ஞாயிறு லீவு. தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், எனவே தீபாவளி கூடாது. பெண் பார்க்க வருவதாகச் சொன்ன வாரத்துக்கு முந்தின ஞாயிறு என்றால், வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் அவமானம் அவருக்கு வரும். அதனால் அதற்கும் முன்னால், எந்த விசேஷமும் இல்லாத ஒரு ஞாயிறு. காலை டிபனுக்குப் பிறகு. ராத்திரி வேண்டாம், ராத்திரி சொன்னால் யாருக்கும் எங்கேயும் போக வழியிருக்காது, எல்லோரும் ஒரே கூரைக்குள் புரண்டுகொண்டிருப்பார்கள். காலை என்றால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்காவது போகலாம். கோபத்தில் ஒருவர் வெளியே போக முடிவது பெரிய விஷயம்.

பேச வேண்டியதை அறையில் ஒத்திகை பார்த்தோம். இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோழிகள் ஒத்திகை பார்க்கும்போது வாதத்தைத்தான் தயார் செய்கிறோம். அப்பா இப்படிச் சொன்னால் நீ இப்படிச் சொல் என்று பத்துப் பதில்கள் கற்றுக் கொடுக்கிறோம். அந்தப் பத்துப் பதில்களும் அவரைத் தோற்கடிக்கும், சம்மதிக்க வைக்காது. மகளிடம் அவள் அம்மா எதிரில் வாதத்தில் தோற்ற அப்பா அன்றைக்கு எதற்கும் இறங்கி வர மாட்டார். முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் ஒத்திகை பாருங்கள். அதற்குப் பிறகு பேசாமல் இருப்பதை ஒத்திகை பாருங்கள், அதுதான் கஷ்டம். எங்களில் ஒருத்தி அப்பாவாக உட்கார்ந்து சும்மா முறைத்துக்கொண்டே இருந்தாள். என் தோழி நாலாவது முறைதான் அழாமல், விளக்கம் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. நான் ஒருத்தரைக் கண்ணாலம் பண்ணிக்க ஆசைப்படறனுங்க. உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ண எனக்கு மனசில்லீங்க." போட்டோ காட்டவில்லை, சம்பளம் சொல்லவில்லை, நல்லவர் என்று சான்று கொடுக்கவில்லை. அதெல்லாம் விற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அவர் "நம்மாளுங்களா?" என்று கேட்டதும் "இல்லீங்கப்பா, கிறிஸ்டியனுங்க" என்று அப்போதே சொன்னாள். இதை அடுத்த தடவைக்கு ஒத்திப்போடும் பெண்கள் உண்டு. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மூன்று வாரம் கழித்துச் சொன்னால், அந்த மூன்று வாரமும் பொய் சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும்.

அவர் சத்தம் போட்டார். பிறகு வெளியே போய்விட்டார். மதியம் வந்து, அவளைப் பார்க்காமல், "எந்த ஊரு?" என்று கேட்டார். அவள் ராத்திரி பஸ்ஸில் ஏறியதும் எங்களுக்கு போன் செய்து அழுதாள், ஒத்துக்கவில்லை என்று. அவர் ஊர் கேட்டார் என்றதும் நான் அவளிடம் சொன்னேன்: கேள்வி கேட்டுவிட்டார். மறுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மறுப்பதில்லை. கேள்வியே கேட்காமல் "இதைப் பத்தி இனி இந்த வீட்டுல பேச்சில்லை" என்பவர் வேறு, திட்டிக்கொண்டே விவரம் கேட்பவர் வேறு. ஒவ்வொரு கேள்வியும் அவர் தன் மனதில் அந்தப் பையனுக்கு ஒரு முகம் வரைந்து பார்ப்பது. உங்கள் தோழி ஊரிலிருந்து அழுதுகொண்டே வரும்போது, அப்பா என்ன சொன்னார் என்று கேட்பதைவிட, என்னென்ன கேட்டார் என்று கேளுங்கள். அதில் அவளுக்கே தெரியாத நம்பிக்கை இருக்கலாம்.

கேள்விகள் பெரும்பாலும் காதலைப் பற்றி இருக்காது. அடுத்த இரண்டு மாதத்தில் அம்மா வழியாகவும் அத்தை வழியாகவும் வந்தவை மூன்று. தங்கச்சிக்கு யார் பொண்ணு கேட்டு வருவாங்க? பேரை மாத்தி ஞானஸ்நானம் வாங்கச் சொல்லுவாங்களா? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டினா நம்ம சொத்து சொந்தமெல்லாம் விட்டுப் போயிருமா? முதல் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. தங்கையே அம்மாவிடம், "அக்காவைக் காரணம் காட்டி வராதவன் எனக்கு வேண்டாங்கம்மா" என்று சொன்னாள், அது கொஞ்சம் வேலை செய்தது. மற்ற இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது, ஆனால் அதை முதலில் அந்த இருவரும் தங்களுக்குள் பேசி முடித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் பையன் வீட்டிலும் ஓர் அம்மா இருந்தார், அவருக்கு மகனின் கல்யாணம் ஆலயத்தில் நடக்கவேண்டும். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். ஆனால் பல சபைகள் மற்றவருக்கும் ஞானஸ்நானம் கேட்கும். இந்து முறையில் தாலி கட்டுவது இந்து திருமணச் சட்டத்தின்படி செல்ல வேண்டுமானால் இருவரும் இந்துவாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு இடம் கொடுக்கும் 7ஏ பிரிவும் அப்படித்தான். ஆக, யாரும் மதம் மாறாமல், யார் பெயரும் மாறாமல் கல்யாணம் செய்ய நேரான வழி 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். பையன் தன் அம்மாவிடம் போய் அதைச் சொல்லி, அங்கே நடந்த அழுகையையும் தாங்கிக்கொண்டு, முடிவைச் சொன்ன பிறகுதான் என் தோழி தன் அப்பாவிடம் "பேரும் மாறாதுங்க, சாமியும் மாறாதுங்க" என்று சொல்ல முடிந்தது. அந்த உறுதியை முன்பே அவசரப்பட்டுக் கொடுத்திருந்தால் பின்னால் அது பொய்யாகப் போயிருக்கக்கூடும். சொத்துக் கேள்விக்கும் பதில் தேடிச் சொன்னேன்: இந்துக் கூட்டுக்குடும்பத்தில் இருக்கும் ஒருவர் கிறிஸ்தவரை அச்சட்டப்படி மணந்தால் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கருதுவார்கள். ஆனால் அப்பாவுக்கு மகள், வாரிசு என்ற உரிமை அதனால் அழிவதில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, அது தெரியாமல் பல பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இருவரில் ஒருவராவது முப்பது நாளுக்குக் குறையாமல் குடியிருக்கும் மாவட்டத்தில் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அந்த நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். முப்பது நாள் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், அதன் நகலை அந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்கும் அனுப்ப வேண்டும், அங்கேயும் அது பலகையில் ஏறும். சென்னையில் யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். கரூரில் பத்திரம் பதிய வந்த யாரோ ஒருவர் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு அப்பாவின் பட்டறைக்கு போன் செய்வார். முதல் வகை அப்பாவையே இரண்டாம் வகைக்கு அருகில் தள்ளக்கூடியது அந்த போன். ஆகவே அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் நோட்டீஸ் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உயிர்ப்பயம் உள்ள வீடு என்றால், இந்த நகல் விஷயத்தை முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் பேசாமல் நோட்டீஸில் கையெழுத்துப் போடவே கூடாது.

அவளுக்கு இதில் ஓர் ஆறுதலும் இருந்தது. ஆட்சேபம் என்பது "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதாக இருக்க முடியாது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கிறார், வயது நிறையவில்லை, சுயமாகச் சம்மதம் தரும் மனநிலையில் இல்லை, மணக்கக்கூடாத நெருங்கிய ரத்த உறவு ஆகிய காரணங்கள்தான் செல்லும். பெற்றவர் சம்மதிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு திருமணம் நடக்கவேண்டும், தாண்டினால் மறுபடி நோட்டீஸ். அப்பாவின் சம்மதம் அவளுக்கு வேண்டும், ஆனால் அது சட்டத்தின் கையில் இல்லை, அவர் மனதில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் அவரிடம் பேசும் குரலே மாறியது. பயந்து கேட்கிறவளாக இல்லாமல், உங்களையும் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறேன் என்கிறவளாகப் பேசினாள்.

இடையில் ஒரு ராத்திரி அம்மா போன் செய்து, "அப்பா ஏதாச்சும் பண்ணிக்குவாராட்ட இருக்குது சாமி" என்றாள். இப்படி வரும்போது "சும்மா மிரட்டுறாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மிரட்டலாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம், சென்னையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் தெரியாது. நாங்கள் உடனே அத்தைக்குப் பேசினோம். அவர் அன்றே போய் இரண்டு நாள் தங்கினார், தோட்டத்து ரூமில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அப்படிப் போக யாரும் இல்லையென்றால் 104, அல்லது டெலி மனாஸ் 14416 எண்ணை அம்மாவுக்குக் கொடுங்கள். அந்த ராத்திரி உங்கள் தோழியையும் தனியாக விடாதீர்கள். குற்ற உணர்ச்சியில் அவளும் அதே விளிம்பில் நிற்கலாம்.

பிறகு காத்திருப்பு. அது எங்களுக்கு ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் அவள் முன்பு போலவே ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு போன் செய்தாள், அப்பா வாங்க மாட்டார் என்று தெரிந்தே. அனுப்பும் பணத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. கூட்டியிருந்தால் சம்மதத்துக்கு விலை கொடுப்பதாகத் தெரிந்திருக்கும். கல்யாணப் பேச்சை அவளாக எடுக்கவில்லை, கேட்டால் முடிவு மாறவில்லை என்று மட்டும் சொன்னாள். நீங்கள் செய்யக்கூடியது இந்த மாதங்களில்தான் அதிகம். தினமும் "அப்பா பேசினாரா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவள் களைத்துப்போவாள். ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் அறையில் இருங்கள். பையன் தரப்பில் ஏதாவது உறுத்தினால், காத்திருக்கிறாளே என்பதற்காக அதை விழுங்காதீர்கள், அதையும் சொல்லுங்கள். அப்பா எதிர்க்கிறார் என்பதாலேயே ஒருவன் நல்லவனாகிவிட மாட்டான்.

ஏழாவது மாதம் அவர் பையனைப் பார்க்கச் சம்மதித்தார், திருச்சியில் ஒரு ஓட்டலில், அத்தையோடு. சம்பளம் கேட்கவில்லை. ஞானஸ்நானத்தைப் பற்றியும், குழந்தைகளுக்கு என்ன பேர் வைப்பீர்கள் என்றும் கேட்டார். பதில்களைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். பதிவன்று அவர் வரவில்லை. அம்மாவும் அத்தையும் தங்கையும் வந்தார்கள், அத்தை ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வேண்டாம் என்று யாரையும் அவர் தடுக்கவில்லை. இப்போது மகளிடம் பேசுகிறார். மருமகனை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆனால் நாகர்கோவில் பக்கம் வண்டி டெலிவரிக்குப் போனபோது சம்பந்தி வீட்டுக்கு வழி கேட்டு போன் செய்தார். இதை முழுச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன், என் தோழியும் சொல்வதில்லை. முதல் நாள் மொட்டைமாடியில் அவள் நினைத்துப் பயந்த எதுவும் இது இல்லை என்று மட்டும் சொல்வாள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அந்த அறைகளில் இருந்த ஒருத்தி